தொட்டால் தெரிகிறது, சுட்டால் தெரியவில்லை

நகச்சுற்று வந்தவர்களுக்குத் தெரியும் அந்த வலி. விரல் நுனியில் சீழ் கட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க விண்விண்ணென்று தெறிக்கும். எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் நம் வீடுகளில் உண்டு. பிரான்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையில், பிரித்தானி பகுதியிலுள்ள லன்னிலிஸ் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்துவந்த ஒகுஸ்தான் மொர்வான் என்ற மருத்துவர் 1883-இல் ஒரு கட்டுரை எழுதினார். அது வலிக்காத நகச்சுற்றைப் பற்றியது. அவர் பார்த்த நோயாளிகளுக்கு விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீழ்பிடித்தன. சிலருக்கு எலும்பு வரை அழுகியது. கத்தியை வைத்துக் கீறினாலும் அவர்கள் வலியென்று சொல்லவில்லை. கூடவே கைகள் மெலிந்து வலுக்குறைந்துகொண்டே வந்தன.

கான்ஸ்டான்டினோபிளில் பெயர்பெற்ற மருத்துவராக இருந்த ஸம்பாகோ பாஷா இதைத் தொழுநோய் என்றார். விரல் மரத்துப்போவதும் புண்ணாவதும் குறைந்துபோவதும் தொழுநோயில் நடப்பவைதான், ஆகவே அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆனால் 1890-இல் ழோஃப்ராவும் அஷாரும் இப்படிப்பட்ட ஒரு நோயாளியின் உடலை இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது, கோளாறு கையிலேயே இல்லை. கழுத்துப் பகுதியில் தண்டுவடத்தின் நடுவே ஒரு குழி இருந்தது. (இன்றைக்கு மொர்வான் பெயரில் வழங்கும் நோய் வேறு ஒன்று. வலிக்காத நகச்சுற்றோடு அவர் பெயரைச் சேர்த்துச் சொல்பவர்கள் இப்போது குறைவு.)

இந்த நோய்க்கு சிரிங்கோமைலியா என்று பெயர். தண்டுவடத்துக்குள்ளேயே நீளவாக்கில் ஒரு குழி விழுந்து, அதில் தெளிந்த நீர் நிரம்பி, வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பெருக்கும். பெரும்பாலும் இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடையில் வெளியே தெரியவரும். அபூர்வமான நோய்தான். ஆனாலும் நம் ஊரில் இதைப் பற்றித் தெரிந்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஸம்பாகோ பாஷாவுக்கு வந்த அதே சந்தேகம், தொழுநோய் இன்னும் முழுதாகப் போய்விடாத இந்தியாவில், இன்றும் வரக்கூடியது.

இந்த நோயில் தோல் ஒட்டுமொத்தமாக மரத்துப்போவதில்லை. பஞ்சால் வருடினால் தெரியும். சட்டைத் துணி உரசுவது தெரியும். கண்ணை மூடிக்கொண்டே பையில் கைவிட்டுச் சில்லறையைப் பிரித்தெடுக்க முடியும். வலியும் சூடும் குளிர்ச்சியும் மட்டும்தான் தெரியாது. அதுவும் உடல் முழுக்க இல்லை. இரண்டு தோள்கள், இரண்டு கைகள், மேல்முதுகு, மேல்மார்பு, அவ்வளவுதான். மேடையில் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினால் அது எந்தெந்த இடத்தை மூடுமோ அந்த இடங்களோடு சரி. அதற்கு மேலே முகம் சரியாக இருக்கும், கீழே வயிறும் கால்களும் சரியாக இருக்கும்.

ஏன் இப்படி ஒரு விசித்திரமான கணக்கு என்பதற்குத் தண்டுவடத்தின் அமைப்பில் தெளிவான விடை இருக்கிறது. தண்டுவடம் சுமார் 45 சென்டிமீட்டர் நீளம், நம் சுண்டுவிரல் பருமன். அதன் நட்டநடுவே முடியளவில் ஒரு நுண்குழாய் ஓடுகிறது. தோலிலிருந்து வரும் நரம்புகள் எல்லாம் பின்பக்கமாகத் தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. நுழைந்தபின் இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. மென்மையான தொடுதல், அதிர்வு, கைகால் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு ஆகியவற்றைக் கொண்டுவரும் இழைகள், நுழைந்த பக்கத்திலேயே, தண்டுவடத்தின் பின்பகுதி வழியாக நேரே மேலே போய்விடுகின்றன. வலியையும் வெப்பத்தையும் கொண்டுவரும் இழைகள் அப்படிப் போவதில்லை. அவை நுழைந்த இடத்திலேயே இன்னொரு நரம்பணுவிடம் சேதியை ஒப்படைக்கின்றன. அந்த அணுவின் இழை, நடுவிலுள்ள நுண்குழாய்க்குச் சற்று முன்னால் குறுக்கே கடந்து மறுபக்கம் போய், அங்கிருந்து ஓரமாக மூளைக்கு ஏறுகிறது. வலது கையில் சுட்டது, தண்டுவடத்தின் இடது ஓரமாக மேலே போகிறது. இடது கையில் சுட்டது வலது ஓரமாகப் போகிறது. இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தாண்டும் இடம் அந்த நுண்குழாயின் வாசலில் இருக்கிறது.

குழி விழுவது அங்கேதான். அது பெருக்கும்போது முதலில் அறுபடுவது குறுக்கே கடக்கும் இந்த இழைகள். இருபக்கத்து இழைகளும் அங்கேயே கடப்பதால் இரண்டு தோளும் பாதிக்கப்படுகின்றன. தொடுதலின் இழைகள் பின்புறமாகத் தள்ளி ஓடுவதால் தப்பிக்கின்றன. காலிலிருந்து வரும் வலி இழைகளும் தப்பிக்கின்றன, ஏனென்றால் அவை வெகு கீழேயே கடந்து முடித்து, கழுத்துக்கு வரும்போது தண்டுவடத்தின் வெளியோரத்தில் இருக்கின்றன. குழி கழுத்திலிருந்து மேல்மார்பு வரை நீண்டிருந்தால், அந்த உயரத்தில் கடக்க வேண்டிய தோள், கை, மேல்மார்பு இழைகள் மட்டும் போகும். மரத்துப்போன இடத்துக்கு மேலே ஒரு எல்லை, கீழே ஒரு எல்லை என்று இரண்டு எல்லைகள் இருப்பது இதனால்தான். தண்டுவடம் ஓரிடத்தில் முழுக்க நசுங்கினால் அந்த இடத்துக்குக் கீழே எல்லாமே போய்விடும்; ஒரு எல்லைதான் இருக்கும். சர்க்கரை நோயில் மரப்பது பெரும்பாலும் பாதத்திலிருந்து தொடங்கி மேலே ஏறும். ஆக, எங்கே மரத்திருக்கிறது, எந்த உணர்வு போயிருக்கிறது என்ற இரண்டையும் சரியாகக் கேட்டாலே கோளாறு எந்த இடத்தில் என்று பாதி தெரிந்துவிடும். ஸ்கேன் இல்லாத 1880-களிலேயே ஷுல்ட்ஸே, காலர் போன்ற ஜெர்மன் மொழி மருத்துவர்கள் நோயாளி உயிரோடு இருக்கும்போதே இதைக் கண்டுபிடித்தது இந்த வழியில்தான்.

இனி ஒருவரைப் பார்ப்போம். இவர் ஒரு குறிப்பிட்ட ஆள் இல்லை. இந்த நோயாளிகள் வழக்கமாகச் சொல்வதை ஒருவர் மேல் ஏற்றிச் சொல்கிறேன். வயது முப்பத்தாறு. ஒரு சாப்பாட்டுக் கடையில் அடுப்படி வேலை. இட்லிக் கொப்பரை மூடியைக் கைப்பிடித் துணியில்லாமல் தூக்குவார். கூட வேலை செய்யும் பெண்கள், "சுடலையா அக்கா உங்களுக்கு?" என்று கேட்டால், "கை காய்ச்சிப்போச்சுடி" என்று சிரிப்பார். முழங்கைக்குக் கீழே கொப்புளங்களை வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் பார்ப்பார். எப்போது பட்டது என்று நினைவிருக்காது. இரண்டு வருடமாக இருமினாலோ தும்மினாலோ பின்மண்டையில் சுளீரென்று ஒரு வலி வந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அதைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டதால் வந்த நீர்க்கோவை என்று விட்டுவிட்டார். வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றி, பொத்தான் போடச் சிரமமானபோதுதான் மருத்துவமனைக்கு வந்தார்.

கையில் பழைய தழும்புகள், மரப்பு, சதை வற்றல். முதலில் பார்த்தவர் தொழுநோய் என்று சந்தேகப்பட்டார். அதைச் சோதிப்பதும் அவர் கடமைதான். தொழுநோய்க் கிருமி தோலையும் தோலுக்குப் பக்கத்திலுள்ள நரம்புகளையும் தாக்கும். நிறம் மாறிய தேமல் இருக்கும், அந்தத் தேமலில் உணர்வு போயிருக்கும். முழங்கை மடிப்பின் உட்புறம் தடவினால் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கும். இந்தப் பெண்ணுக்குத் தேமல் இல்லை, நரம்பும் தடிக்கவில்லை. மரப்பு திட்டுத் திட்டாகவும் இல்லை.

நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் செய்த சோதனைக்கு வேண்டியவை ஒரு ஊசி, கொஞ்சம் பஞ்சு, வெந்நீரும் ஐஸ் தண்ணீரும் ஊற்றிய இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஓர் இசைக்கவை. "கண்ணை மூடிக்கோங்கம்மா. குத்துதா, சும்மா தொடுதான்னு மட்டும் சொல்லுங்க" என்று தொடையிலிருந்து ஆரம்பித்தார். "குத்துது, குத்துது" என்றே வந்தவர், மார்புக் காம்பு மட்டத்துக்கு மேலே போனதும், "தொடுது" என்றார். தோளில், இரண்டு கைகளில், பின்கழுத்துக்குக் கீழே எல்லாம், "தொடுதுங்க சார், குத்தலை." தாடைக்கு வந்ததும் மறுபடி, "ஆ, குத்துது." வெந்நீர்க் குழாயும் ஐஸ் குழாயும் புஜத்தில் ஒன்றுபோலவே இருந்தன அவருக்கு. பஞ்சால் தொட்டது எல்லா இடத்திலும் தெரிந்தது. இசைக்கவையின் அதிர்வை மணிக்கட்டிலேயே உணர்ந்தார்.

ரப்பர் சுத்தியலால் முழங்கை மடிப்பில் தட்டியபோது கை துள்ளவே இல்லை. முழங்காலில் தட்டியபோது கால் அளவுக்கு மிஞ்சி உதைத்தது. குழி முன்பக்கமாக விரிந்து, கைத் தசைகளை இயக்கும் நரம்பணுக்களைத் தின்றதால் சதை வற்றியது, துள்ளலும் போயிற்று. பக்கவாட்டில் விரிந்து, மூளையிலிருந்து காலுக்கு இறங்கும் பாதைகளை நெருக்கியதால் கால் விறைக்கத் தொடங்கியிருக்கிறது. தொழுநோய் கையை எவ்வளவு பாழாக்கினாலும் கால் இப்படித் துள்ளாது.

அடுத்து நடந்த சோதனைதான் இந்த நோயில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். நரம்பில் லேசாக மின்சாரம் பாய்ச்சி, அது எவ்வளவு நன்றாகச் சேதி கடத்துகிறது என்று கருவியில் பார்ப்பார்கள். நரம்பு கண்டக்‌ஷன் டெஸ்ட் என்பார்கள். கை சுடுவதே தெரியவில்லை என்றால், கையின் உணர்வு நரம்பு செத்துப்போயிருக்க வேண்டும் அல்லவா? இந்தப் பெண்ணின் உணர்வு நரம்புகள் எல்லாம் நார்மல் என்று அறிக்கை வந்தது. தோலிலிருந்து தண்டுவடம் வரை வரும் நரம்பின் தாய் அணு, தண்டுவடத்துக்கு வெளியே ஒரு முடிச்சில் இருக்கிறது. அதுவும் அதன் இழையும் பழுதில்லாமல் இருக்கின்றன. சேதி தண்டுவடம் வரை ஒழுங்காக வந்து சேர்ந்து, உள்ளே குறுக்கே கடக்கும்போதுதான் தொலைகிறது. தொழுநோயில் கெடுவது வெளியிலுள்ள நரம்பே என்பதால், மரத்த இடத்துக்குரிய உணர்வு நரம்புகளில் இந்தச் சோதனை குறை காட்டும். நோயாளி தெரியவில்லை என்கிறார், கருவி நன்றாயிருக்கிறது என்கிறது. இந்த முரணைப் பார்த்துவிட்டு, நோயாளி பாசாங்கு செய்கிறார் என்று எண்ணிவிடாமல், கழுத்தைப் படம் எடுக்கச் சொல்ல வேண்டும்.

எம்.ஆர்.ஐ. படத்தில் கழுத்தின் நடுப்பகுதியிலிருந்து மேல்மார்பு வரை, தண்டுவடத்துக்குள் நீளமாக ஒரு நீர்க்குழி இருந்தது. அகலமான இடத்தில் 8 மில்லிமீட்டர். கழுத்தில் தண்டுவடத்தின் மொத்த அகலமே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் என்பதை வைத்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு மெல்லிய வளையம்தான் எஞ்சியிருந்தது. அந்த வளையத்தை வைத்துக்கொண்டுதான் இந்தப் பெண் இத்தனை நாள் நடந்தார், பாத்திரம் தூக்கினார். இவ்வளவு மெதுவாகப் பெருகும் நோயில் உடல் ஒத்துப்போய்விடுகிறது.

படத்தில் இன்னொன்றும் இருந்தது. மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் இறங்கும் பெரிய துளை வழியாக, சிறுமூளையின் கீழ்நுனி 12 மில்லிமீட்டர் கீழே பிதுங்கியிருந்தது. 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் கியாரி கோளாறு, முதல் வகை என்பார்கள். பிராகில் உடற்கூறு பார்த்துவந்த ஹான்ஸ் கியாரி 1891-இல் விவரித்தது. சிரிங்கோமைலியாவுக்கு முதன்மையான காரணம் இதுதான்.

மண்டையோட்டுக்குக் கீழே இருக்கும் கோளாறு, கழுத்தில் எப்படிக் குழி தோண்டுகிறது? மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி எப்போதும் சுமார் 150 மில்லி தெளிந்த நீர் இருக்கிறது. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் மூளை லேசாக விம்மும்போது, அந்த நீர் அடித்துளை வழியாகக் கழுத்துக்குள் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறும். சிறுமூளை நுனி துளையை அடைத்துக்கொண்டால் நீருக்கு வழி இல்லை. 1994-இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் எட்வர்ட் ஓல்டுஃபீல்டும் அவர் குழுவினரும் சொன்னபடி, அடைத்துக்கொண்டிருக்கும் நுனியே பிஸ்டனாக ஒவ்வொரு துடிப்புக்கும் கீழே இடிக்கிறது. அந்த அழுத்தம் வெளியிலுள்ள நீரைத் தண்டுவடத்துக்குள் ரத்தக் குழாய்களின் ஓரமாகத் தள்ளுகிறது. ஒரு நாளைக்கு லட்சம் துடிப்பு. இதற்கு முன் வேறு விளக்கங்கள் இருந்தன, இப்போதும் விவாதம் ஓயவில்லை. ஆனால் இருமும்போது பின்மண்டை ஏன் சுளீரென்கிறது என்பது இதில் விளங்கிவிடுகிறது. இருமினால் அழுத்தம் திடீரென ஏறும், அது வெளியேற வழி இல்லாமல் முட்டும். தலைவலிக்காக மருத்துவரிடம் போகிறவர்கள், இருமினால் வருகிறதா என்று கேட்காமலே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

எல்லாக் குழிகளும் இப்படி வருவதில்லை. முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கு மாதங்களோ பல வருடங்களோ கழித்துக் குழி விழலாம். ஒருகாலத்தில் விழுந்து கால் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருப்பவர், நெடுநாள் கழித்து, கை மரக்கிறது என்று சொன்னால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். காசநோய் மூளைக்காய்ச்சலுக்குப் பின் சவ்வுகள் ஒட்டிக்கொண்டும் வரலாம். தண்டுவடத்துக்குள் கட்டி இருந்தாலும் பக்கத்தில் நீர் கட்டும் என்பதால், காரணம் தெரியாத குழிக்கு மருந்து ஏற்றி ஒரு தடவை படமெடுப்பார்கள்.

குழியில் நீர் இருக்கிறதே, ஊசியால் இழுத்துவிடலாமே என்று தோன்றும். கியாரிக் கோளாறில் அதைச் செய்வதில்லை. நீர் சேர்வதற்கான காரணத்தை எடுத்தால் குழி தானே சுருங்கும். குப்புறப் படுக்கவைத்து, பின்மண்டையின் அடியில் சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு எலும்பை நீக்கி, கழுத்தின் முதல் எலும்பின் பின்வளைவையும் எடுத்துவிடுவார்கள். பிறகு மூளையுறையைத் திறந்து, ஒட்டுப்போட்டு அகலமாக்கித் தைப்பார்கள். சிறுமூளை நுனிக்கு இடம் கிடைக்கிறது, நீர் மறுபடி ஓடுகிறது. இதில் பயப்பட வேண்டியது முக்கியமாகத் தையல் வழியே நீர் கசிவது. காயம் உப்பினாலோ, தெளிந்த நீர் கசிந்தாலோ, கழுத்து விறைத்துக் காய்ச்சல் வந்தாலோ உடனே திரும்ப வரச் சொல்வார்கள். இந்த வழியில் சுருங்காத குழிகளுக்கு, அல்லது சவ்வு ஒட்டியதால் வந்தவற்றுக்கு, மெல்லிய குழாய் வைத்து நீரை வெளியே திருப்புவதும் உண்டு. அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதால் அது முதல் தேர்வு இல்லை.

இந்தப் பெண்ணுக்கு அறுவைக்குப் பின் இருமல் தலைவலி போய்விட்டது. ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் குழி ஒரு கோடாகச் சுருங்கியிருந்தது. கால் விறைப்பு குறைந்தது. ஆனால் கை பழையபடி ஆகவில்லை. வற்றிய சதை திரும்பவில்லை, ஊசி குத்துவது இன்னும் தெரியவில்லை. குழி சுருங்கினாலும் அறுபட்ட இழைகள் முளைப்பதில்லை. அறுவை சிகிச்சை செய்வது இனிமேல் கெடாமல் நிறுத்துவதை. போனது ஓரளவு திரும்பினால் அது லாபம். "ஆபரேஷன் பண்ணியும் மரப்பு போகலையே" என்று பின்னால் வருத்தப்படாமலிருக்க, இதை முன்கூட்டியே நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்லிவிடுவது மருத்துவரின் வேலை. இன்னொரு கொடுமையும் சிலருக்கு உண்டு. சூடு தெரியாத அதே தோளில், யாரும் தொடாமலே தீப்பட்டது போன்ற எரிச்சல் தங்கிவிடும். கேபபென்டின், பிரிகேபலின் போன்ற மாத்திரைகள் அதை மட்டுப்படுத்தும், முழுக்கத் தீர்ப்பது சிரமம்.

வலி தெரியாத மூட்டுக்கும் ஆபத்து உண்டு. தோள்மூட்டு பெரிதாக வீங்கியிருக்கும், வலி மட்டும் வீக்கத்தோடு ஒத்துப்போகாது. எக்ஸ்ரேயில் புஜ எலும்பின் உருண்டைத் தலையே கரைந்துபோயிருக்கும். உள்ளே அரைபடுவது தெரியாமல் மூட்டை உபயோகித்துக்கொண்டே இருந்ததால் வந்தது இது. தோளுக்கு மருந்து பார்க்கும் எலும்பு மருத்துவர், அந்த நேரம் ஒரு ஊசியால் கையைக் குத்திப் பார்த்தால் நோய் பிடிபட்டுவிடும்.

இதற்கு நேர்மாறான நிலையும் இப்போது அதிகம். கழுத்துவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.-யில், தண்டுவடத்தின் நடுக்குழாய் ஓரிரு மில்லிமீட்டர் விரிந்து தெரியும். அறிக்கையில் சிரிங்ஸ் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வீடே கலங்கிப்போகும். மரப்பு இல்லை, சதை வற்றவில்லை, சிறுமூளை இறங்கவில்லை, கட்டி இல்லை என்றால் அதை ஒன்றும் செய்ய வேண்டாம். சில காலம் கழித்து மறுபடி ஒரு படம் எடுத்து, பெருகவில்லை என்று பார்த்தால் போதும். கழுத்தை நெட்டி முறிக்கும் வைத்தியத்திலிருந்து மட்டும் விலகியிருக்கலாம். அது கியாரிக் கோளாறு இருப்பவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்து.

சூடு தெரியாத கையோடு வாழ்கிறவர்களுக்கு மருத்துவமனையில் சொல்லி அனுப்புபவை சின்னச் சின்ன விஷயங்கள். அடுப்படியில் கைப்பிடித் துணி கட்டாயம். ராத்திரி படுக்கும் முன் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், கொப்புளம் இருந்தால் அன்றைக்கே கவனிக்க வேண்டும். முதுகில் வெந்நீர் ஒத்தடம் கூடாது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது தண்ணீரை முழங்கையில் ஊற்றிப் பார்ப்பது நம் வழக்கம். இவர்களுக்கு அது உதவாது, ஏனென்றால் முழங்கை அந்தப் பொன்னாடைக்குள் இருக்கிறது. வீட்டில் வேறு ஆள் இருந்தால் அவரைப் பார்க்கச் சொல்லலாம். யாரும் இல்லையென்றால், அவர்கள் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தங்கள் புறங்காலில் விட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள்.